பிராண்ட் கைடில் என்ன எழுத வேண்டும்? பிரஸ்காரரும் ஃப்ரீலான்சரும் நம்மைக் கூப்பிடாமலே வேலை முடிக்க

லோகோ, நிறம், எழுத்து எல்லாம் எப்படி வர வேண்டும் என்று எழுதி வைக்கிற பிராண்ட் கைடு பற்றி, கடைக்காரர்கள், புதிதாக டிசைன் வேலைக்கு வந்தவர்கள், அவ்வப்போது பிரஸ்காரர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பெரும்பாலான பதில்களில் ஈரோடு பக்கம் இருக்கும் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை தலைகாட்டும். அவர்களுக்கு கைடு எழுதிக் கொடுத்தபோது நான் செய்த தப்புகளும் சேர்த்தே இருக்கின்றன.

எங்களுடையது சின்னக் கடை. லோகோ ஃபைல் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் போதாதா?

எண்ணெய்க் கடையிலும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் போனபோது விசிட்டிங் கார்டு, பாட்டில் லேபிள், துணிப்பை, வாசல் ஃப்ளெக்ஸின் வெட்டுத்துண்டு ஒன்று, நான்கையும் கல்லா மேஜையில் வரிசையாக வைத்தேன். லோகோ அரக்கு நிறம். கார்டில் அது செங்கல்லாக இருந்தது, லேபிளில் சரியாக, பையில் ரோஜா கலந்த மாதிரி, ஃப்ளெக்ஸில் பளீரென்று தக்காளிச் சிவப்பாக. பையில் முகவரி “மெயின் ரோடு”, கார்டில் “முதன்மைச் சாலை”. இத்தனைக்கும் நான்கு பேருக்கும் போனது ஒரே லோகோ ஃபைல்தான், அதுவும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக. ஃபைலில் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஆளாளுக்கு ஊகித்துச் செய்திருக்கிறார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த ஊகங்களுக்கு வேலை இல்லாமல் செய்வதுதான் கைடு.

எத்தனை பக்கம் வரும்?

எண்ணெய்க் கடைக்கு எட்டு. முதலில் நான் கொடுத்தது முப்பத்திரண்டு பக்கம், அதில் பத்து பக்கம் “எங்கள் கதை”, “எங்கள் குரல்” என்று போகும். பிரஸ்ஸில் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு பிளேட் போட உட்கார்ந்திருக்கிற ஆள் போனில் திறந்தால், வேண்டியது அரை நிமிடத்தில் கண்ணில் பட வேண்டும். கடையின் கதை முக்கியம்தான், விளம்பர வாசகம் எழுதுகிறவருக்கு அதைத் தனி ஃபைலாகக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே கலரைத்தான் எல்லோருக்கும் கொடுத்தோம். கார்டில் ஒன்று, பையில் ஒன்று, ஃப்ளெக்ஸில் ஒன்று என்று வருகிறதே, யார் செய்த தப்பு?

அநேகமாக நீங்கள் கொடுத்தது திரையின் கலர் எண்ணாக மட்டும் இருந்திருக்கும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரஸ் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதை ஒவ்வொரு மென்பொருளும் தன் உள் அமைப்புப்படி செய்யும், அதனால் ஒரே எண் ஒரு கணினியில் 100 மெஜந்தாவாகவும் இன்னொன்றில் 92 ஆகவும் மாறிப் பிரஸ்ஸுக்குப் போகும். கைடில் இந்த மாற்றத்தை நீங்களே ஒருமுறை முடிவு செய்து எழுதிவிட வேண்டும். எண்ணெய்க் கடைக்கு இப்படி எழுதினோம்:

```
அரக்கு
ஸ்பாட் மை      PANTONE 187 C
நான்கு கலர்    C7 M100 Y82 K26
திரை           #A6192E
```

மூன்றும் ஒரே நிறத்துக்கான மூன்று சமையல் குறிப்புகள். முதல் வரி, பான்டோன் நிறப் புத்தகத்தில் உள்ள எண்படி தனியாகக் கலக்கிற மை. எதை எங்கே எடுப்பது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். கார்டு, நோட்டீஸ், லேபிள் எல்லாம் நான்கு கலரில் அடிப்பவை, அதற்கு இரண்டாவது வரி. பவுச் கவர் வேறு கணக்கு. அதை அடிக்கிற கிராவ்யூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் என்பதால் அரக்குக்கென்றே ஒரு சிலிண்டர் ஒதுக்கி, மையை 187-க்குக் கலந்து வைத்துக்கொள்ளச் சொன்னோம். நான்கு கலரில் அடித்தால் மெஜந்தா கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நிறம் மாறும், தனி மையில் அந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று, பவுச் ஃபிலிம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். அரக்குக்குப் பின்னால் வெள்ளை மை வேண்டும் என்று எழுதாவிட்டால் உள்ளே இருக்கும் எண்ணெயின் நிறமும் சேர்ந்து தெரிந்து பழுப்படித்துவிடும்.

எண் சரியாக இருந்தும் மாறுகிற இடமும் உண்டு, அது காகிதம். பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். பூச்சில்லாத மேப்லித்தோவில் உறிஞ்சிப் பரவி நிறம் மங்கும். காடாத் துணியோ ஏற்கனவே வெள்ளை கிடையாது, அதன் மஞ்சள் சாயல் மைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். பான்டோன் எண்ணின் கடைசியில் வரும் C பூச்சுள்ள காகிதத்துக்கு, U பூச்சில்லாததற்கு. மை ஒன்றுதான், காகிதத்தில் விழும்போது தெரிகிற நிறம் வேறு. அதனால் துணிப்பைக்கு நாங்கள் எண்ணே எழுதவில்லை. “கைடோடு வரும் துணித்துண்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பொருத்தவும், சந்தேகம் வந்தால் அடர்த்தி பக்கம் போகவும், வெளிறக் கூடாது” என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

பான்டோன் புத்தகமெல்லாம் எங்கள் ஊர் பிரஸ்ஸில் கிடையாதே, பிறகு அந்த எண்ணால் என்ன பிரயோஜனம்?

பல ஊர்களில் இதுதான் நிலைமை, அதனால் எண்ணோடு நிறுத்தாமல் பொருளாகவே கொடுங்கள். பேக்கேஜிங்காரர்கள் இதற்கு ஷேட் கார்டு என்பார்கள். ஒரு அட்டையில் மூன்று கட்டங்கள் இருக்கும். நடுவில் வேண்டிய நிறம், இடப்பக்கம் இதற்கு மேல் வெளிறக் கூடாது என்ற எல்லை, வலப்பக்கம் இதற்கு மேல் அடரக் கூடாது என்ற எல்லை. மெஷின்மேன் தாளை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தால் போதும், எந்தக் கருவியும் வேண்டாம்.

நாங்கள் செய்த விதம்: முதல் லேபிள் ஆர்டர் ஓடும்போது பிரஸ்ஸிலேயே நின்று, சரியாக வந்த தாள்களை எடுத்தோம். மை கூட்டியும் குறைத்தும் ஓடியவற்றில் “சரி, இதுவரை ஒத்துக்கொள்ளலாம்” என்று பட்டவற்றையும் எடுத்தோம். வெட்டி ஒட்டி, கடைக்காரரின் கையெழுத்தும் தேதியும் போட்டு ஐந்து பிரதி தயாரித்தோம். ஒன்று கடையில், மற்றவை ஆளுக்கொன்று. வெயிலும் டியூப்லைட்டும் பட்டால் நிறம் மங்கிவிடும் என்பதால் மூடிய கவரில் வைக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது புதிதாக எடுக்க வேண்டும். அந்தத் தேதியையும் அட்டையிலேயே அடித்துவிடுங்கள். பவுச், லேபிள் மொத்தமாக அடிக்கும் பெரிய கன்வெர்ட்டரிடம் போகும்போது, நிற வித்தியாசத்தை அளக்கும் டெல்டா ஈ 3-க்குள் என்று ஒரு வரி சேர்த்தால் அவர் கருவி வைத்துப் பார்த்துக்கொள்வார்.

ஃப்ரீலான்சர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. 2022 நவம்பரில் அடோபி மென்பொருள்களிலிருந்து பெரும்பாலான பான்டோன் நூலகங்கள் எடுக்கப்பட்டுவிட்டன, தனியாகச் சந்தா கட்டினால்தான் வரும். பழைய ஃபைலைத் திறந்தால் அந்த இடம் கறுப்பாக நிற்பதும் உண்டு. பயப்பட வேண்டாம். ஸ்பாட் நிறம் ஒன்றைக் கையால் உருவாக்கி, அதே பெயரிட்டு, திரையில் தெரிவதற்கு மேலே உள்ள நான்கு கலர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரஸ்ஸுக்கு வேண்டியது பெயர்தான்.

கறுப்புக்குமா எண் எழுத வேண்டும்?

ஆமாம். சின்ன எழுத்து K100 மட்டும், வேறு மை கலக்கக் கூடாது. திரையின் கறுப்பை அப்படியே மாற்றினால் நான்கு மையும் கலந்து வரும், நான்கு மையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிற ரிஜிஸ்டர் கால் மில்லிமீட்டர் தள்ளினாலே எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழலாகத் தெரியும். லேபிளின் பொருட்கள் பட்டியலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும்.

தமிழ் எழுத்து மட்டும் உடைந்து வருகிறது. ஆங்கிலம் ஒழுங்காகத்தானே இருக்கிறது?

எனக்கு அதிகம் வேலை வைத்தது இதுதான். வெளிநாட்டு மாதிரி கைடுகளைப் பார்த்து எழுதினால் இதற்கு அதில் இடமே இருக்காது. அவர்கள் எழுத்துருவின் பெயரைப் போட்டு முடித்துவிடுவார்கள், நமக்கு அது பத்தாது.

உடைவது இரண்டு விதம். முதல் விதத்தில் தமிழே தெரியாது, `jkpo;` என்று என்னவோ நிற்கும். இது பாமினி எழுத்துருவில் அடித்த “தமிழ்”. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்திருப்பார்கள், எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனதும் வேஷம் கலைந்துவிடும். இரண்டாவது விதம்தான் ஆபத்தானது, ஏனென்றால் பார்த்தவுடன் தெரியாது. யூனிகோடில் “நல்லெண்ணெய்” என்று சரியாகவே அடித்திருப்பீர்கள், ஆனால் மென்பொருளுக்கு இந்திய எழுத்துகளை அடுக்கத் தெரியாவிட்டால் லகரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், அடுத்த எழுத்தோடு ஒட்டியது போலத் தெரியும். தமிழ் படிக்கத் தெரியாத டிசைனருக்கு அது ஒரு வளைவு, அவ்வளவுதான். எண்ணெய்க் கடையின் முதல் லேபிள் ப்ரூஃபில் இதுவே நடந்தது, அதுவும் பாட்டிலின் நடு நெற்றியில். கடைக்காரரின் மகள்தான் கண்டுபிடித்தாள், நான் இரண்டு முறை பார்த்தும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு கைடில் தமிழுக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினோம். எழுத்துரு முக்தா மலர். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், திறந்த உரிமம், புதிதாக வரும் எந்த ஃப்ரீலான்சரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், ஆங்கில எழுத்தும் அதிலேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவை கைடில் போட்டால், அடுத்த டிசைனரிடம் அது இருக்காது, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுவார். மென்பொருள் அமைப்பையும் எழுதினோம்: இன்டிசைனில் `Adobe World-Ready Paragraph Composer`, இல்லஸ்ட்ரேட்டரில் `Middle Eastern & South Asian Every-line Composer`. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது, அங்கே தமிழ் அடிக்க முயல வேண்டாம்.

பிறகு ஒரு சோதனை வரி. “நல்லெண்ணெய் கொள்ளு கௌரி ஸ்ரீ ஹோட்டல்” என்று, எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாதபடி வடிவமாக மாற்றிய படத்தை கைடில் வைத்து, அதற்குக் கீழே “இதை உங்கள் கணினியில் அடித்து இந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள், ஒரு எழுத்து வேறுபட்டாலும் வேலையைத் தொடங்க வேண்டாம்” என்று எழுதினோம். தமிழே தெரியாத ஆளும் படத்தோடு படத்தை ஒப்பிட்டுவிடலாம்.

கடைசியாக, எழுத்தைச் சிதைக்கிற சின்ன வேலைகள். ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவது அழகு, தமிழில் கூட்டினால் “கொ”வின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். எழுத்தைத் தடிமனாக்க வெளிக்கோடு போட்டால் சுழிகள் அடைந்து, புள்ளி கீழே இருக்கிற எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் “பால்” “பால” ஆகிவிடும். வரி இடைவெளியும் ஆங்கிலத்தின் கணக்கு ஆகாது. மேலே புள்ளியும் விசிறியும் வர, கீழே உகரத்தின் சுழி இறங்க, இரண்டும் முட்டிக்கொள்ளும். 10 பாயின்ட் தமிழுக்கு 15 பாயின்ட் வரி என்று எங்கள் கைடில் இருக்கிறது, 12-இல் அடித்துப் பார்த்து நெருக்கியதால் முடிவு செய்தது.

லோகோவை எந்த ஃபைலாகக் கொடுக்க வேண்டும்? பிரஸ்காரர் கோரல் ஃபைல் கேட்கிறார், டிசைனர் இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ ஃபைல் கேட்கிறார்.

எல்லா எழுத்தும் வடிவமாக மாற்றப்பட்ட பிடிஎஃப் ஒன்றை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். கோரலும் திறக்கும், இல்லஸ்ட்ரேட்டரும் திறக்கும். கோரல் ஃபைலே வேண்டும் என்றால் எந்தப் பதிப்பு என்று கேட்டு அதற்குத் தகுந்தபடி சேமித்துக் கொடுங்கள், புதிய பதிப்பில் சேமித்தது பழையதில் திறக்காது. பெயரிலேயே விஷயம் தெரிய வேண்டும். `logo_final_new2.pdf` என்று வைத்தால் அடுத்த மாதம் நமக்கே தெரியாது. எங்களுடையது இப்படி:

```
logo_4color.pdf
logo_187C.pdf
logo_onecolor_black.pdf
logo_white.pdf
logo_screen.png
```

வாட்ஸ்அப்பில் அனுப்புவதைத் தடுக்க முடியாது, பரவாயில்லை. ஆனால் “டாக்குமென்ட்” ஆகத்தான் அனுப்ப வேண்டும், போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ஐந்தும் இருக்கிற டிரைவ் ஃபோல்டரின் கியூஆர் கோடு கைடின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

லோகோவை எவ்வளவு சின்னதாக்கலாம் என்று எப்படி முடிவு செய்வது?

திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 40, 30, 25, 20, 15 மில்லிமீட்டர் அகலத்தில் வரிசையாகப் போட்டு, நூறு சதவீத அளவில் அச்சடித்து, கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கடை லோகோவில் செக்கும் மாடும் கோட்டோவியமாக இருக்கும். 25-க்குக் கீழே மாட்டின் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அதனால் 25-க்கு மேல் முழு லோகோ, கீழே மாடு இல்லாத எளிய வடிவம், 12-க்குக் கீழே எழுத்து மட்டும்.

துணிப்பைக்கு இது போதாது. ஸ்கிரீன் பிரின்டில் மை துணியில் பரவும், மெல்லிய கோடு தடிக்கும், கோடுகளுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளி அடைந்துவிடும். பைக்கான வடிவத்தில் எந்தக் கோடும் எந்த இடைவெளியும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் மறுபடி வரைந்தோம்.

பிரஸ்ஸுக்கென்று தனிப் பக்கம் வேண்டுமா?

வேண்டும், கிழித்துக் கையில் கொடுக்கிற மாதிரி ஒற்றைத் தாள். டிசைனருக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு வேண்டியதை மட்டும் எழுதுங்கள். காகிதம் என்ன, அதன் எடை எத்தனை ஜி.எஸ்.எம்., லேமினேஷன் மேட்டா கிளாஸா என்பது பொருளுக்குப் பொருள் இருக்க வேண்டும். கிளாஸ் போட்டால் அரக்கு செழிப்பாகத் தெரியும், மேட் போட்டால் கொஞ்சம் தணியும், ஆகவே ப்ரூஃபை லேமினேஷனோடுதான் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நிறம் நீள வேண்டும், வெட்டுக்கோட்டிலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே வரை எழுத்து வரக் கூடாது.

கலரில் கை வைக்கக் கூடாத இடங்களும் இந்தத் தாளில்தான் வரும். சைவக் குறியின் பச்சைச் சதுரமும் பச்சை வட்டமும் பச்சையாகவே இருக்க வேண்டும், “பிராண்ட் கலருக்கு மேட்ச் ஆகட்டும்” என்று ஒருவர் அரக்கில் போட்டு அனுப்பினார். பார்கோடு கோடுகளை அரக்கில் அடிப்பதும் அதே ரகம். பல ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியால் படிப்பவை, சிவப்புக் கோடு அதற்கு வெள்ளை மாதிரி. கோடு கறுப்பு, பின்னணி வெள்ளை, பக்கங்களில் வெற்றிடம் விட்டு, முழு அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே குறைக்காமல் அடிக்க வேண்டும்.

அப்புறம், யாரும் மறுபடி தட்டச்சு செய்யக் கூடாத வாசகங்கள்: முகவரி, போன் எண், பதினான்கு இலக்க உணவு உரிம எண், ஒவ்வொரு எண்ணெயின் பெயரும் தமிழில் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பது. இவை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கின்றன, நகல் எடுத்து ஒட்ட வேண்டும். பிரஸ்ஸில் கடைசி நிமிடத் திருத்தம் வந்தாலும் அங்கேயே தமிழ் அடிக்கக் கூடாது, டிசைனருக்குத் திரும்ப அனுப்பி வடிவமாக மாற்றி வாங்க வேண்டும்.

“செய்யக் கூடாதவை” என்று ஒரு பக்கம் எல்லா கைடிலும் இருக்கிறதே?

லோகோவைச் சாய்க்காதே, இழுக்காதே, நிழல் போடாதே என்று பன்னிரண்டு படம் போட்டு வைப்பார்கள். உங்கள் கடையில் உண்மையில் நடந்த தப்புகளை மட்டும் போடுங்கள். எங்களுடையதில் நான்கே நான்கு: தக்காளிச் சிவப்பு ஃப்ளெக்ஸ், கொம்பு தள்ளிய நல்லெண்ணெய், அரக்கு சைவக் குறி, போட்டோவாக வந்து பிசிறடித்த லோகோ. நான்கும் நாங்களே எடுத்த போட்டோக்கள்.

கைடில் இல்லாத ஒன்று வந்தால்? உதாரணமாக, ஆட்டோ பின்பக்க ஸ்டிக்கர்.

முதல் பக்கத்தில் ஒரு ஆளின் பெயரும் போன் எண்ணும் இருக்க வேண்டும், “அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்” என்பதெல்லாம் ஆகாது. அவர் சொல்லும் பதில் போனோடு போகாமல் அன்றைக்கே கைடில் ஏற வேண்டும், பதிப்பு எண்ணும் தேதியும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மாற வேண்டும், பழைய பிடிஎஃப் ஃபோல்டரிலிருந்து போய்விட வேண்டும். ஆட்டோ ஸ்டிக்கர் கேள்வி எங்களுக்கும் வந்தது. வினைலில் வெள்ளை லோகோவா அரக்கு லோகோவா என்று கேட்டார்கள், பின்னணி ஆட்டோவின் மஞ்சள், அதனால் அரக்கு என்றோம். அது இப்போது பதிப்பு 1.4, பக்கம் 3, கீழிருந்து இரண்டாவது வரி.